‘இயல்பா இருங்க’ன்னு மட்டும் சொல்லிடாதீங்க!

“எல்லாரும் இயல்பா இருங்க. கேமராவை மட்டும் பார்க்காதீங்க. அவ்வளவுதான்!”

அக்கா மகன் இப்படிச் சொல்லிவிட்டு ‘ஆக்‌ஷன்’ என்றான். அடுத்த நொடியில் கல்யாண மண்டபத்தில் இருந்த 38 பேரும் சிலையானார்கள். முதல் வரிசையில் இருந்த அண்ணாச்சி தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நேராகச் சுவரைப் பார்த்தார். நாலு பெண்கள் ஒரே நேரத்தில் தலைமுடியைச் சரி செய்தார்கள். ஒரு பாட்டி மட்டும் எந்தக் கவலையும் இல்லாமல் கேமராவையே பார்த்தார். கல்யாண வீடு எங்கே இருந்தது? ரேஷன் கார்டுக்குப் போட்டோ எடுக்க வந்த கூட்டம் மாதிரி இருந்தது.

பையன் என்னிடம் ஓடி வந்தான். “மாமா, காலையில வந்தப்போ எவ்வளவு கலகலன்னு இருந்தாங்க! இப்ப என்ன ஆச்சு?”

நீங்கள்தான் ஆச்சு என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. 14 வருடம் உதவி இயக்குநராக இருந்தவன் நான். அதில் பாதி நாள் கேமராவுக்குப் பின்னால் நின்று கூட்டத்தைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. அவன் செய்த அதே தப்பை அவன் வயதில் நானும் செய்திருக்கிறேன், இதைவிடச் சத்தமாக.

இப்போது வீட்டுக்கு ஒருவர் குறும்படம் எடுக்கிறார்கள். கையில் நல்ல கேமரா இருக்கிறது. ஆனால் காசு கொடுத்து ஆள் கூப்பிட வழியில்லை என்பதால் தெருவில் இருப்பவர்கள், உறவுக்காரர்கள், நண்பர்களின் அம்மா அப்பாக்கள்தான் கூட்டமாக வருகிறார்கள். அப்படி வந்த 38 பேரோடு அன்று மதியம் என்ன செய்தோம் என்பதைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

காட்சி இதுதான்

ஆடி மாதம். முகூர்த்தம் இல்லாததால் மண்டபம் சும்மா கிடந்தது. தெரிந்தவர் ஒருவர் மின்சாரச் செலவுக்கு மட்டும் வாங்கிக்கொண்டு கொடுத்தார். மாலை 6 மணிக்குச் சாவி திரும்பப் போக வேண்டும்.

ஒரே ஷாட். மேடைக்குப் பக்கத்தில் நிற்கும் பெண்ணின் அப்பாவுக்குப் போன் வருகிறது. பணம் தருகிறேன் என்று சொன்னவர் கைவிரித்துவிட்டார். அப்பா போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மேடையில் இருந்து மண்டபத்தின் மறுகோடியில் இருக்கும் கை கழுவும் இடம் வரைக்கும் நடந்து போகிறார். வழியில் இரண்டு பேர் அவரை நிறுத்துகிறார்கள். அவர் சிரித்துப் பேசிவிட்டு நகர்கிறார். குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொள்கிறார். ஏறக்குறைய 50 நொடி. கேமராமேன் கிம்பலைப் பிடித்துக்கொண்டு அவருக்கு முன்னால் பின்வாக்கில் நடக்கிறார். நடுவில் வெட்டு கிடையாது.

இங்கே கூட்டம் எதற்கு என்று யோசித்துப் பாருங்கள். அந்த மனிதரின் தலையில் இடி விழுந்திருக்கிறது. சுற்றி இருக்கும் ஒருவருக்கும் அது தெரியாது. அதுதான் காட்சி. கூட்டத்தில் ஒரே ஒருவர் அவரைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டால்கூடக் காட்சி போச்சு. எல்லாரும் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாலும் போச்சு. அவர் அழுவதைவிட, பக்கத்தில் இருப்பவர் இலை எப்போது போடுவார்கள் என்று எட்டிப் பார்ப்பதுதான் நமக்கு வலிக்க வேண்டும்.

கூட்டம் பெரிதாக இருந்தால்தான் கஷ்டம் என்று நினைக்கிறோம். அப்படியில்லை. ரிச்சர்ட் அட்டன்பரோவின் ‘காந்தி’ படத்தில் வரும் இறுதி ஊர்வலம் 1981 ஜனவரி 31 அன்று டெல்லி ராஜபாதையில் எடுக்கப்பட்டது. காந்தியின் உண்மையான இறுதி ஊர்வலம் நடந்த அதே தேதி, 33 வருடம் கழித்து. 3 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள்; அதில் பெரும்பாலோர் காசு வாங்காமல் தாங்களாக வந்தவர்கள். 11 கேமரா குழுக்கள் எடுத்ததில் படத்தில் மிஞ்சியது இரண்டு நிமிடம் சொச்சம். அத்தனை பேரையும் எப்படிச் சமாளித்தார்கள் என்று மலைப்பாக இருக்கும். ஆனால் ஊர்வலத்தில் எல்லாருக்கும் பார்ப்பதற்கு ஒரே ஒரு விஷயம் இருக்கிறது. எங்கே பார்ப்பது என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை. கல்யாண வீட்டில் அப்படி இல்லையே! 38 பேருக்கும் 38 வேலை, 38 பார்வை. அதனால்தான் பையன் மாட்டிக்கொண்டான்.

வேலை கொடுத்தால் வெட்கம் போகும்

‘இயல்பா இருங்க’ என்று சொன்னதும் ஒருவர் தன்னையே கவனிக்க ஆரம்பிக்கிறார். கையை எங்கே வைப்பது, காலை எப்படிப் போடுவது என்று எல்லாமே சந்தேகமாகிவிடும். ‘கேமராவைப் பார்க்காதீங்க’ என்றால் அது எங்கே இருக்கிறது என்றுதான் கண் முதலில் தேடும். அதனால் இரண்டையும் நான் சொல்லவே மாட்டேன். என்ன செய்யக் கூடாது என்பதற்குப் பதிலாக என்ன செய்ய வேண்டும் என்று ஒன்றே ஒன்று சொல்வேன்.

மின்விசிறிகளைப் போட்டு எல்லாரையும் வட்டமாக உட்காரச் சொன்னேன். கதையை இரண்டே வாக்கியத்தில் சொன்னேன். பிறகு, “உண்மையான கல்யாணத்துக்குப் போனதும் நீங்க முதல்ல என்ன செய்வீங்க?” என்று கேட்டேன்.

எங்கள் தெரு முனையில் பூ கட்டும் அம்மா உடனே சொன்னார்: “முதல்ல பையை எங்க பத்திரமா வைக்கிறதுன்னு பார்ப்பேன் தம்பி. அப்புறம் தெரிஞ்ச மூஞ்சி யாராச்சும் இருக்காங்களான்னு தேடுவேன்.”

அண்ணாச்சி சொன்னார்: “நான் ஃபேனுக்கு நேரா சேர் தேடுவேன்.”

கல்லூரிப் பையன் ஒருவன், “போனுக்கு சார்ஜ் போட பிளக் எங்கன்னு பார்ப்பேண்ணே” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர் மொய்க் கவரில் பெயர் எழுதப் பேனா தேடுவேன் என்றார். இன்னொரு அக்கா, “புடவை என்ன விலை இருக்கும்னு பார்ப்பேன், வேற என்ன?” என்றார்.

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அவரவர் சொன்னதையே அவரவருக்கு வேலையாகக் கொடுத்தேன். ஒவ்வொரு வேலைக்கும் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: எங்கிருந்து கிளம்புகிறீர்கள், எங்கே போய்ச் சேருகிறீர்கள், எதற்காகப் போகிறீர்கள். பூக்காரம்மாவுக்கு: “இரண்டாவது தூண்ல இருந்து கிளம்புங்க, கடைசி வரிசை சேர் வரைக்கும் போங்க, பையை வைக்க இடம் தேடுங்க.” அவ்வளவுதான். முகத்தில் என்ன பாவம் காட்ட வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பை வைக்க இடம் தேடுகிறவர் முகம் தானாக அப்படித்தான் இருக்கும்.

ஒரு ஆளுக்கு ஒரு வேலைதான். ‘நடந்து வாங்க, வணக்கம் சொல்லுங்க, உட்காருங்க, அப்புறம் திரும்பிப் பாருங்க’ என்று நாலு சொன்னால், நாலாவதை மறந்துவிடுவோமோ என்ற பயம் முதல் அடியிலேயே முகத்தில் தெரியும்.

எல்லாருக்கும் நடக்கிற வேலையும் கொடுக்கக் கூடாது. கல்யாண வீட்டில் பெரும்பாலானோர் உட்கார்ந்துதான் இருப்பார்கள். 38 பேரில் 20 பேரை நாற்காலியில் உட்கார வைத்தேன். 9 பேர் மூன்று மூன்றாக நின்று பேசுகிறவர்கள். மீதி 9 பேர்தான் நடமாட்டம். சினிமாவில் இவர்களைத்தான் ‘பாஸிங்’ என்போம், குறுக்கே கடந்து போகிறவர்கள்.

பேசுகிற ஜோடிகளைப் போடும்போது தெரிந்தவரோடு தெரிந்தவரை உட்கார வையுங்கள். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் பேச விஷயம் தீராது. முன்பின் தெரியாத இரண்டு பேரைப் பேசச் சொன்னால் மாற்றி மாற்றித் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள்.

சத்தமில்லாத பேச்சு

அடுத்த சிக்கல் சத்தம். நடிகர் பேசுவதை அங்கேயே பதிவு செய்கிறோம். பின்னால் 38 பேர் உண்மையாகப் பேசினால் அவர் குரல் மூழ்கிவிடும். அதனால் கூட்டம் வாயை மட்டும் அசைக்க வேண்டும். ‘குசுகுசுன்னு பேசுங்க’ என்று சொல்லக் கூடாது. 38 பேர் குசுகுசுத்தால் மைக்கில் மழை பெய்கிற மாதிரி ஒரு இரைச்சல் விழும்.

வாயை மட்டும் அசைக்கச் சொன்னால் வேறொன்று நடக்கிறது. குரல் இல்லாத குறையை எல்லாரும் கையால் ஈடுகட்டப் பார்க்கிறார்கள். அன்றைக்கு முதல் ஒத்திகையில் எல்லார் கையும் காற்றில் பறந்தது. வியாபாரத்தில் சண்டை வந்த மாதிரி இருந்தது. அதற்கு ஒரு எளிய வழி உண்டு. ஜோடியில் ஒருவர்தான் பேச வேண்டும், மற்றவர் கேட்க வேண்டும் என்று முன்பே பிரித்துவிடுவேன். பேசுகிறவருக்கு உண்மையான விஷயம் கொடுப்பேன்: “நேத்து ராத்திரி என்ன சமைச்சீங்கன்னு சொல்லுங்க.” மனதுக்குள் வார்த்தை ஓடினால்தான் உதடு சரியாக அசையும். கேட்கிறவருக்கு வேலையே இல்லை என்று நினைக்காதீர்கள். ஒருவர் முகத்தையே பார்த்துக் கேட்பவரின் கண் கேமரா பக்கம் போகாது.

வளையல், கொலுசு, செருப்பு, பிளாஸ்டிக் நாற்காலியின் கால் என்று மற்ற சத்தங்களும் உண்டு. நடக்கிற 9 பேரும் செருப்பைக் கழற்றினார்கள். கொலுசு போட்ட பெண்ணை உட்கார வைத்தோம். நகரப்போகும் நாற்காலிகளின் காலில் துணி கட்டினோம். மின்விசிறியும் சத்தம் போடும் என்பதால் எடுக்கும்போது நிறுத்த வேண்டும். ஆடி மாத வெக்கையில் அதுதான் எங்களுக்கு நிஜமான கடிகாரம். ஒரு டேக் முடிந்ததும் விசிறியைப் போட்டுவிடுவோம். மூடிய மண்டபத்தில் இரண்டு நிமிடத்துக்கு மேல் யாரையும் வேர்க்க விடக் கூடாது என்று வைத்துக்கொண்டோம்.

யார் எப்போது கிளம்புவது?

எல்லாரையும் ‘ஆக்‌ஷன்’ என்ற சொல்லுக்குக் கிளம்பச் சொன்னால் என்ன ஆகும் தெரியுமா? பள்ளிக்கூட மணி அடித்த மாதிரி 38 பேரும் ஒரே நொடியில் உயிர் பெறுவார்கள். அது அப்பட்டமாகத் தெரியும்.

அதனால் கூட்டத்துக்கு முதலில் தனியாகக் குரல் கொடுப்போம். சவுண்டு ஓடுகிறது, கேமரா ஓடுகிறது என்று உறுதியானதும் நான் ‘கூட்டம்!’ என்பேன். பேசுகிறவர்கள் ஆரம்பிப்பார்கள். மனதுக்குள் ஐந்து எண்ணிவிட்டு இயக்குநர் நடிகருக்கு ‘ஆக்‌ஷன்’ சொல்வார். நடிகர் அசையும்போது மண்டபம் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும்.

நடமாடும் 9 பேர் வேறு மாதிரி. ஷாட் ஓடும்போது நான் அவர்களுக்குக் குரல் கொடுக்க முடியாது. எனவே அவர்களுக்கான அடையாளத்தை நடிகரின் மேலேயே வைத்தேன். “அப்பா முதல் தூணைத் தாண்டினதும் நீங்க கிளம்புங்க.” “அவர் இந்தத் தாத்தாகிட்ட நின்னு பேசும்போது நீங்க பின்னால தட்டோட போங்க.” நடிகர் ஒரு டேக்கில் வேகமாக நடந்தாலும் மெதுவாக நடந்தாலும் கூட்டம் அவரோடு சேர்ந்தே மாறும். கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

இவர்களுக்கு இன்னும் ஒரு விஷயத்தைத் தரையில் கோடு போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. கேமராவில் தெரிகிற இடத்துக்கு மூன்று அடி முன்பாகவே நடக்க ஆரம்பித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஓரத்தில் ஒருவர் நின்று புறப்படுவது படத்தில் தெரியும். அதே மாதிரி வெளியே போன பிறகும் நான்கு அடி நடக்க வேண்டும். ‘அப்பாடா, முடிந்தது’ என்று ஓரத்திலேயே நின்று திரும்பிப் பார்ப்பவர்கள்தான் அதிகம் மாட்டுவார்கள்.

கேமரா பின்வாங்கி வருவதால் இங்கே இன்னொரு சிக்கல். வழியின் இரண்டு பக்கமும் இருப்பவர்கள், கேமராமேன் தங்களைத் தாண்டிப் பின்னால் போன பிறகுதான் படத்துக்குள் வருகிறார்கள். அதுவரைக்கும் அவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவர் தாண்டியதும் சட்டென்று முகத்தைத் திருப்பினால் எப்படி இருக்கும்? அதனால், “கேமராக்காரர் முதுகு உங்ககிட்ட இருந்து ரெண்டு சேர் தூரத்துல வரும்போதே பேச ஆரம்பிச்சுடுங்க” என்று சொன்னோம். அவர் இடறாமல் இருக்க ஒரு பையன் பின்னால் இடுப்பைப் பிடித்து வழிநடத்தினான். வழியில் ஒரு பை, ஒரு செருப்பு இருக்கக் கூடாது.

38 பேர் போதுமா?

மண்டபத்தில் 200 பேர் உட்காரலாம். எங்களிடம் இருந்தது 38. எல்லாரையும் பரவலாக உட்கார வைத்தால் பாதி மண்டபம் காலி என்று தெரிந்துவிடும். நாங்கள் நாற்காலிகளையே குறைத்தோம். ஆள் இல்லாத நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டு, சிலவற்றில் மட்டும் கைப்பை, துண்டு, குழந்தையின் பால் பாட்டில் என்று வைத்தோம். பை இருக்கும் நாற்காலி காலி நாற்காலி இல்லை. யாரோ எழுந்து போயிருக்கிறார்கள் என்று பார்ப்பவர் மனம் தானே நிரப்பிக்கொள்ளும்.

இரண்டு பேரைக் கேமராவுக்கு மிக அருகில் குறுக்கே போக விட்டோம். தோளும் புடவைத் தலைப்பும் மட்டும் மங்கலாகக் கடந்து போகும். அருகில் போகும் ஒருவர் பாதித் திரையை மறைப்பார். அந்த ஒரு நொடியில் பின்னால் இருக்கும் காலி இடம் காணாமல் போகும். பளிச்சென்ற சிவப்புப் பட்டு கட்டியவர்களை இந்த வேலைக்கு விடக் கூடாது. கண் அங்கேயே போய்விடும். அவர்களைத் தள்ளி உட்கார வைத்துவிட்டு, மங்கலான நிறம் கட்டியவர்களை முன்னால் விட்டோம்.

கல்லூரிப் பையன்கள் இருவர் மேடைப் பக்கம் முதுகைக் காட்டி நின்றிருந்தார்கள். அப்பாவின் உடம்பு அவர்களை மறைத்ததும் பக்கத்துக் கதவு வழியாக வெளியே ஓடி, சமையல்கட்டைச் சுற்றி, தோளில் துண்டைப் போட்டு ஆளுக்கொரு சாம்பார் வாளியோடு மறுகோடியில் நுழைய வேண்டும். முதலில் அவர்கள் முகம் தெரியவில்லை என்பதால் இரண்டாவது முறை அடையாளம் தெரியாது. ஒருமுறை முகம் காட்டியவரை இப்படி மறுபடி பயன்படுத்தவே கூடாது. வீட்டில் ரிமோட்டை வைத்துக்கொண்டு பார்ப்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஐந்து டேக்

கேமரா இல்லாமல் இரண்டு ஒத்திகை. அது முடிந்ததும் ஒவ்வொரு குழுவையும் அவர்கள் ஆரம்பிக்கும் இடத்தில் வைத்து என் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். அடுத்த டேக்குக்கு எல்லாரும் பழைய இடத்துக்குத் திரும்பும்போது யார் கையில் தட்டு இருந்தது, பை எந்தத் தோளில் இருந்தது என்று தகராறு வராது.

முதல் டேக்கில் எல்லாம் நடந்தது, ஆனால் எல்லாரும் ஒரே வேகத்தில் நடந்தார்கள். பதற்றம் வந்தால் எல்லாரும் வேகமாகத்தான் நடப்பார்கள். பூக்காரம்மாவிடம், “பையில கண்ணாடிப் பாத்திரம் இருக்கும்மா” என்றேன். சாம்பார் வாளிக்காரர்களுக்கு வாளியில் முக்கால்வாசி உண்மையாகவே தண்ணீர் ஊற்றினோம். நடை மாறிவிட்டது. ‘மெதுவா நடங்க’ என்று சொல்லியிருந்தால் ஊர்வலம் போயிருப்பார்கள்.

இரண்டாவது டேக்கில் அதிகமாகிவிட்டது. உட்கார்ந்திருந்த ஒருவர் உற்சாகத்தில் எழுந்து யாருக்கோ கையாட்ட, அவரைப் பார்த்து மூன்று பேர் கையாட்டினார்கள். கண் நடிகரை விட்டு அங்கே போய்விட்டது. நான் மானிட்டரில் பார்க்கும்போது நடிகரைப் பார்ப்பதில்லை. அது இயக்குநரின் வேலை. சத்தத்தை நிறுத்திவிட்டு முதலில் இடது பாதியை மட்டும் பார்ப்பேன், பிறகு வலது பாதியை. ஏதாவது ஒரு இடத்தில் என் கண் நின்றுவிட்டால் அங்கேதான் தப்பு.

மூன்றாவது டேக். அப்பா சரியாக, அழகாக நடந்து வந்தார். ஆனால் அந்தப் பாட்டி! கேமரா கிட்டே வர வர, ஏதோ சாமி வீதியுலா வருகிற மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தார்.

“பாட்டியை வேற இடத்துக்கு மாத்திடலாமா மாமா?” என்றான் பையன். மணி 5-ஐத் தாண்டியிருந்தது.

இந்த இடத்தில் எனக்குப் பழைய கதை ஒன்று ஞாபகம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், ஒரு கிராமத்துத் திருவிழாக் காட்சி. ஊர் ஜனங்களே கூட்டமாக வந்திருந்தார்கள். கேமராவைப் பார்த்துக்கொண்டே இருந்த ஒரு பெரியவரை மைக்கில் எல்லார் முன்னாலும் திட்டிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “நீங்க கூப்பிட்டுத்தானே தம்பி வந்தோம்” என்று சொல்லிவிட்டு நடந்தார். அவர் பின்னாலேயே அவர் தெருக்காரர்கள் முழுக்கக் கிளம்பிவிட்டார்கள். அன்று அந்தக் காட்சி எடுக்கவே முடியவில்லை. காசு வாங்குகிறவர் கோபத்தைப் பொறுத்துக்கொள்வார். தானாக வந்தவருக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. அதற்குப் பிறகு தனி ஆளுக்கான திருத்தத்தை நான் மைக்கில் சொல்வதே இல்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து சொல்வேன்.

பாட்டி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “ஏன் பாட்டி அதையே பார்க்கிறீங்க?”

“அந்தத் தம்பி பின்பக்கமாவே நடந்து வருதே, விழுந்துடுமோன்னு பார்க்கிறேன்யா” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு மட்டும் நான் வேலை கொடுக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கச் சொல்லியிருந்தேன். அதனால் அவரே ஒரு வேலையைத் தேடிக்கொண்டுவிட்டார். பின்னால் ஒரு பையன் பிடித்துக்கொண்டு வருவதைக் காட்டினேன். பிறகு அவர் பேத்தியைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்து, பின்னியிருந்த ஜடையைப் பாதி அவிழ்த்துவிட்டேன். “இதைப் பின்னி பூ வெச்சு விடுங்க பாட்டி. யாரு கூப்பிட்டாலும் நிறுத்தாதீங்க.”

நாலாவது டேக்கில் பாட்டி தலை நிமிரவே இல்லை. ஆனால் சாம்பார் வாளி மூன்று நொடி தாமதமாக வந்தது. வெளியே நாய் குறுக்கே வந்துவிட்டதாம்.

ஐந்தாவது டேக்குக்கு முன்னால் நான் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. விசிறியைப் போட்டு எல்லாருக்கும் மோர் கொடுத்தோம். ஐந்து, ஆறு டேக்குக்கு மேல் போனால் தன்னார்வலர்களுக்கு அலுப்பு வந்துவிடும். வேலையைச் செய்வது போய், செய்ததைத் திரும்பச் செய்கிற முகம் வந்துவிடும். அப்படி வந்தால் ஆட்களின் வேலையை ஒருவருக்கொருவர் மாற்றிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் நிறுத்திவிட வேண்டும்.

அந்த டேக் கிடைத்தது. அப்பா சிரித்துக்கொண்டே ஒரு தாத்தாவிடம் பேசிவிட்டுத் திரும்புகிறார். பின்னால் பாட்டி, பேத்தியின் தலையில் பூவைச் செருகிவிட்டு, நன்றாக இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்க்கிறார். யாரும் அவருக்கு அதைச் சொல்லித் தரவில்லை. கல்யாணச் செலவுக்கு வழியில்லாத அப்பாவுக்குப் பின்னால் பூ வைக்கிற ஒரு பாட்டி! பையன் மானிட்டரை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

கடைசி ஒரு நிமிடம்

மணி 5.40. எல்லாரும் கிளம்பத் தயாரானார்கள். “ஒரு நிமிஷம் உட்காருங்க. இவ்வளவு நேரம் வாயை மூடிக்கிட்டு இருந்தீங்களே, இப்ப எல்லாரும் சத்தமா பேசுங்க” என்றேன். கேமரா இல்லை, சவுண்டு மட்டும். ஊமைக் கூட்டத்துக்குப் பின்னால் சேர்க்க வேண்டிய இரைச்சல் இதுதான். இதை அன்றைக்கே, அதே இடத்தில், அதே ஆட்களை வைத்து எடுத்துவிட வேண்டும். வேறெங்கோ எடுத்த கூட்டச் சத்தம் அந்த மண்டபத்தின் எதிரொலியோடு ஒட்டாது. மூன்று மணி நேரம் அடக்கி வைத்த பேச்சு மண்டபத்தையே தூக்கிக்கொண்டு போயிற்று.

சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கும்போது எல்லாரிடமும் ஒன்றைத் தெளிவாகச் சொன்னேன். படத்தைத் தொகுக்கும்போது எல்லார் முகமும் தெரியும் என்று உறுதி சொல்ல முடியாது. சிலர் மங்கலாகத் தெரியலாம், சிலர் தெரியாமலும் போகலாம். இதைக் கடைசியில் சொன்னது என் தப்பு. கூப்பிடும்போதே சொல்லியிருக்க வேண்டும். படம் வந்த பிறகு சொந்தக்காரர்களையெல்லாம் கூட்டி வைத்துப் போனில் தேடுவார்கள். அப்போது ஏமாற்றம் பெரிதாக இருக்கும்.

பூக்காரம்மா பையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். “நான் தெரிவேனா தம்பி?”

பொய் சொல்ல மனம் வரவில்லை. “உங்க முதுகு நல்லா தெரியும்மா.”

அவர் ஒரு நொடி யோசித்தார். “போதும். இருபது வருஷமா அந்த முனையில ரோட்டுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்து பூ கட்டுறேன். ஊருக்கே என் முதுகுதான் தெரியும்!”